ட்ரெய்லரும் போஸ்டரும் ஒரு படத்தின் வகையை எப்படி மாற்றிக் காட்டுகின்றன

கேள்வி: "நாங்கள் அக்கரைப்பற்று. ட்ரெய்லரைப் பார்த்து கொமடிப் படம் என்று நம்பி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்ப் பார்த்தோம். இடைவேளைக்குப் பிறகு ஒரே கொலையும் ஒப்பாரியும். சின்னவள் பயந்து அழுதே விட்டாள். வீட்டுக்கு வந்து ட்ரெய்லரைத் திரும்பப் போட்டால் அதிலிருந்த எல்லாக் காட்சியும் படத்திலும் இருந்ததுதான். பிறகு எங்களை எப்படி ஏமாற்றினார்கள்? முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கா அண்ணன்?"

எல்லாக் காட்சியும் படத்தில் இருந்தது என்று கவனித்தீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ட்ரெய்லர் வெட்டுகிறவர்கள் இல்லாத காட்சியைக் காட்டுவது குறைவு. அதற்குத் தேவையே வராது. ஒரு படம் சிரிப்புப் படமா பேய்ப்படமா என்று நாம் முடிவெடுப்பது காட்சியை மட்டும் பார்த்து அல்ல. அதற்கு அடுத்து எந்தக் காட்சி வருகிறது, பின்னால் என்ன சத்தம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துத்தான். அந்த இரண்டும் வெட்டுகிறவரின் கையில் இருக்கின்றன. நான் இங்கே மட்டக்களப்பில் குறும்படங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் எடிட்டிங் செய்கிறவன். குறும்படங்களுக்கு ட்ரெய்லரும் வெட்டிக் கொடுப்பேன். ஆகவே வேலை நடக்கும் மேசையிலிருந்தே சொல்கிறேன்.

நம் ஊரில் எடுத்த ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கல்லடிப் பக்கம் வாவிக்கரையில் ஒரு மீனவக் குடும்பம். மூத்த மகன் கத்தாருக்குப் போய், கொஞ்ச நாளாகத் தொடர்பே இல்லை. தம்பி படிப்பை விட்டுவிட்டுத் தோணியில் இறங்குகிறான். தாய் ஒவ்வொரு இரவும் வாசலில் லாம்பைக் கொளுத்தி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அயல்வீட்டுப் பெண்ணுக்கும் தம்பிக்கும் ஒரு மெல்லிய பழக்கம். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வருகிறது. கடைசியில் அண்ணன் ஒரு கையை இழந்தவனாகத் திரும்பி வருகிறான். படம் 2 மணி 10 நிமிடம். ஆறுதலாக நகரும் குடும்பக் கதை. பேயும் இல்லை, பெரிய காதலும் இல்லை.

இதிலிருந்து ஆறு துண்டுகளை மட்டும் எடுக்கிறேன். தாய் லாம்போடு இருட்டைப் பார்ப்பது. இரவில் தோணியில் இருக்கும் தம்பி திடுக்கிட்டுத் திரும்புவது (படத்தில் பக்கத்தில் ஒரு மீன் துள்ளியதால்). காற்றில் கதவு தானாகச் சாத்துவது. பாரமான வலையை இரண்டு கைகள் இழுப்பது. அயல்வீட்டுப் பெண் சிரிப்பது. பிறகு தாய் சொல்லும் ஒரு வரி: "அவன் வந்திட்டான்." படத்தில் அவள் அதைச் சந்தோஷம் தாங்காமல் சொல்கிறாள். இவற்றோடு சடங்கில் பெண்கள் போடும் குரவைச் சத்தத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பேய்ப்பட ட்ரெய்லர். கறுப்புத் திரையில் ஐந்து விநாடி தண்ணீர்ச் சத்தம் மட்டும். தாய் லாம்போடு வருகிறாள். அந்த ஷொட்டில் நிறத்தை நீலப் பச்சைக்குத் தள்ளி, வெளிச்சத்தைக் குறைக்கிறேன். அடுத்து கதவு சாத்துகிறது. இங்கே எல்லாச் சத்தத்தையும் நிறுத்துகிறேன், ஒன்றரை விநாடி முழு அமைதி. தம்பி திடுக்கிட்டுத் திரும்புகிறான். அவன் முகத்தின் மேல், தாயின் குரல் மட்டும், கொஞ்சம் எதிரொலியோடு: "அவன் வந்திட்டான்." உடனே ஒரு பாரமான மத்தள அடி. பிறகு வலையை இழுக்கும் கைகள், எதை இழுக்கிறார்கள் என்பதைக் காட்டாமல் வெட்டிவிடுகிறேன். குரவைச் சத்தத்தின் வேகத்தைப் பாதியாக்கி அடியில் ஓடவிடுகிறேன். வேகம் குறைந்தால் அதன் சுருதியும் இறங்கிவிடும். கோயில் வாசலில் மனம் குளிரக் கேட்ட அந்தச் சத்தம் ஏதோ ஊளையிடுவது போல ஆகிவிடும். நம் ஊரில் குரவை கேட்டு வளர்ந்தவர்களுக்கே அது என்னவென்று பிடிபடாது. கடைசியில் படத்தின் பெயர்.

இப்போது அதே துண்டுகளில் காதல் படம். நிறத்தை மஞ்சள் பக்கம் திருப்புகிறேன், ஒரு கிட்டார். முதலில் பெண் சிரிக்கிறாள். அடுத்து தம்பி திடுக்கிட்டுத் திரும்புகிறான். அவள் கூப்பிட்டதால்தான் திரும்புகிறான் என்று பார்ப்பவர் தானாகவே முடிவு செய்துவிடுவார். அவள் வீட்டுப் படலையடியில் அவன் நிற்கும் ஒரு ஷொட்டை மட்டும் படத்திலிருந்து கூடுதலாக எடுத்து, அதன் மேல் தாயின் அதே வரி, "அவன் வந்திட்டான்." இப்போது அது பகிடி பண்ணுகிற குரலாகக் கேட்கும். தாய் லாம்போடு நிற்பது, மகன் இரவில் பிந்தி வருகிறான் என்பதற்காக. கதவு சாத்துவது, அவன் களவாக உள்ளே நுழைவதால்.

இரண்டிலும் நான் ஒரு ஷொட்கூடப் புதிதாக எடுக்கவில்லை. நிறத்தையும் சத்தத்தையும் தொட்டேன், வரிசையை மாற்றினேன், ஒருவர் சொன்ன வரியை இன்னொருவர் முகத்தின் மேல் போட்டேன். 2 மணி 10 நிமிடப் படத்திலிருந்து ஒன்றரை நிமிட ட்ரெய்லர் எடுத்தால், அது படத்தில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றுத்தான் கூட. எந்தப் படத்திலும் எந்த வகைக்கும் தேவையான அந்த ஒரு பங்கு கிடைத்துவிடும். அழுகைப் படத்திலும் ஒன்றரை நிமிடத்துக்குச் சிரிப்பு இருக்கும்தானே.

இது ஏன் வேலை செய்கிறது என்பதை ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பே ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் காட்டிவிட்டார். மொசூகின் என்ற நடிகரின் ஒரே முகம், உணர்ச்சி எதுவும் காட்டாத முகம். அதை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள். திடுக்கிட்டுத் திரும்பும் அந்தத் தம்பியின் முகமும் அப்படித்தான்.

உண்மையான ஒரு படத்தில் இது செய்யப்பட்டதைப் பார்க்க வேண்டுமென்றால் யூடியூப்பில் தேடிப் பாருங்கள். 2005 இல் நியூயோர்க்கில் எடிட்டர்களுக்காக ஒரு போட்டி நடந்தது. பழைய படம் ஒன்றை வேறு வகைப் படமாகத் தோன்றும்படி ட்ரெய்லர் வெட்ட வேண்டும். ரொபர்ட் ரையாங் என்பவர் 'த ஷைனிங்' (1980) என்ற பயங்கரப் படத்தை எடுத்தார். தனியான ஹோட்டலில் தகப்பன் கோடரியோடு மனைவி பிள்ளையைத் துரத்தும் படம் அது. அவருடைய ட்ரெய்லரில் அது எழுத்தாளர் ஒருவருக்கும் தகப்பன் பாசத்துக்கு ஏங்கும் பையனுக்கும் இடையிலான இதமான குடும்பப் படமாகிவிட்டது. படத்தின் காட்சிகளோடு அவர் சேர்த்தவை கனிவான ஒரு கதைசொல்லிக் குரலும், பீற்றர் கேப்ரியலின் சந்தோஷமான ஒரு பாட்டும்தான். முதலில் சத்தத்தோடு பாருங்கள், அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதி இதம் காணாமல் போய்விடும்.

சரி, உங்களுக்கு நடந்தது இதில் எது? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், தமிழ்ப் படங்களில் வழக்கமான ஒரு காரணம் தெரிகிறது. இடைவேளை. நம் படங்கள் இடைவேளையை நடுவில் வைத்து இரண்டு பாதியாகவே எழுதப்படுகின்றன. நண்பர்கள், பகிடி, காதல், பாட்டு எல்லாம் பெரும்பாலும் முதல் பாதியில். இடைவேளையில் ஒரு அடி விழும், கதை திரும்பும். இரண்டாம் பாதி பழிவாங்கலாகவோ துக்கமாகவோ போகும். அந்தத் திருப்பத்தை முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது என்பதில் இயக்குநருக்கு நியாயம் இருக்கிறது. எனவே ட்ரெய்லரை முதல் பாதியிலிருந்து மட்டும் வெட்டுவார்கள். அந்த ட்ரெய்லர் முதல் பாதிக்கு முழுக்க நேர்மையானது, முழுப் படத்துக்கு அல்ல.

கதையின் திருப்பத்தை மறைப்பதும் படத்தின் வகையை மறைப்பதும் ஒன்றல்ல. கொலைகாரன் யார் என்று சொல்லாமல் விட்டால் அது பார்வையாளருக்குச் செய்யும் மரியாதை. கொலையே நடக்கும் என்று சொல்லாமல், பிள்ளைகளோடு வாருங்கள் என்ற தொனியில் விற்றால் அது வேறு. நல்ல எடிட்டருக்கு இதற்கு வழி தெரியும். திருப்பத்தைத் தொடாமலே, சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் இருண்ட இரண்டு ஷொட்டை வைப்பார், அல்லது கடைசிப் பத்து விநாடியில் இசையின் நிறத்தை மாற்றுவார். பார்க்கிறவருக்கு "இதில் வேறு ஏதோ இருக்கிறது" என்பது போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவு சின்ன வேலையைச் செய்யாமல் விடுவது மறதியால் அல்ல. துக்கப் படம் என்று தெரிந்தால் குடும்பங்கள் முதல் மூன்று நாளில் வராது என்ற பயம். வெள்ளி, சனி, ஞாயிறு வசூல்தான் ஒரு படம் அடுத்த வாரம் தியேட்டரில் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த மூன்று நாளைக்குப் படத்தை விற்க வேண்டியது ட்ரெய்லர். நான்காம் நாள் ஆட்கள் வாயால் உண்மை பரவிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

பிள்ளைகள் படத்தில் இதைச் செய்தால் எனக்குக் கோபம் வரும். 2007 இல் வந்த 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' ஒரு அருமையான படம். இரண்டு பிள்ளைகளின் நட்பும், திடீரென்று வரும் ஒரு மரணமும், அந்தத் துக்கத்தோடு ஒரு சிறுவன் எப்படி வாழப் பழகுகிறான் என்பதும்தான் கதை. மாயப் பிராணிகள் வருவது அந்தப் பிள்ளைகளின் கற்பனைக்குள், கொஞ்ச நேரம். ஆனால் ட்ரெய்லரும் போஸ்டரும் அந்தப் பிராணிகளையே முன்னால் வைத்து, மாய உலகத்துக்குள் போகும் சாகசப் படம் போல விற்றன. அந்த விளம்பரம் படத்தைப் பிழையாகக் காட்டுகிறது என்று திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய தாய் எழுதிய நாவல்தான் படமானது. மரணத்தைப் பற்றிப் பேசும் படத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், தப்பில்லை. ஆனால் பெற்றார் அதைத் தெரிந்து, வழியிலேயே பிள்ளையோடு கொஞ்சம் பேசி, தயாராக்கிக் கூட்டிப் போக வேண்டும். அந்த வாய்ப்பைத்தான் இப்படியான ட்ரெய்லர் பறித்துவிடுகிறது. உங்கள் சின்னவளுக்கு நடந்ததும் அதுதான்.

போஸ்டர் கதை கொஞ்சம் வேறு. ட்ரெய்லர் படத்திலிருந்து வெட்டப்படுவது. போஸ்டரில் இருக்கும் படம் அநேகமாக சினிமாவுக்குள்ளேயே இருக்காது. அதற்கென்று தனியாக ஒரு போட்டோஷூட் வைப்பார்கள். 'ஃபர்ஸ்ட் லுக்' என்று வெளியிடும்போது பல படங்களுக்குப் படப்பிடிப்பே முடிந்திருக்காது. டிசைனர் கையில் இருப்பது கதைச் சுருக்கமும், நடிகரின் முகமும், தயாரிப்பாளர் என்ன படமாக விற்க விரும்புகிறார் என்ற அறிவுறுத்தலும்தான். அதனால் போஸ்டர் சொல்லும் வகை, படம் என்னவாக வந்தது என்பதைவிட, என்னவாக விற்கப்பட வேண்டும் என்பதையே கூடுதலாகச் சொல்லும்.

போஸ்டரைப் படிக்க நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் சந்திச் சுவர்களில் பார்த்துப் பார்த்தே பழகிவிட்டோம். வெடித்த எழுத்தில் பெயர், மண் நிறம், கையில் கத்தி என்றால் ஊர்ச் சண்டைப் படம். வெளிர் பின்னணியில் எல்லாரும் பல் தெரியச் சிரித்தால் கொமடி. பெரிய வெறும் வானத்துக்குக் கீழே சின்னதாக ஒரு மனிதன் என்றால், விருதுக்குப் போகும் படம். இந்தப் பழக்கத்தைத்தான் திருப்பிப் பயன்படுத்துவார்கள். இரண்டே காட்சியில் வரும் நகைச்சுவை நடிகரின் தலையைக் கதாநாயகனின் தலை அளவுக்கு வைத்தால் போதும், மனதில் அது கொமடிப் படமாகிவிடும். எங்கும் "நகைச்சுவை" என்று எழுதவே வேண்டியதில்லை.

இப்போது போஸ்டரை நாம் அதிகம் பார்ப்பது சுவரில் அல்ல, போன் திரையில், பெருவிரல் அளவில். அங்கே ஒரு புது விஷயம் நடக்கிறது. ஒரே படத்துக்கு ஆளுக்கொரு போஸ்டர். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 2017 இல் இதை விளக்கி எழுதியது. அவர்கள் கொடுத்த உதாரணம் 'குட் வில் ஹண்டிங்' (1997). காதல் படங்கள் அதிகம் பார்க்கிறவருக்குக் கதாநாயகனும் நாயகியும் நெருங்கி இருக்கும் படத்தைக் காட்டலாம். கொமடி பார்க்கிறவருக்கு நகைச்சுவைக்குப் பேர்போன ரொபின் வில்லியம்ஸின் முகத்தைக் காட்டலாம். படமோ இரண்டையும்விடக் கனமானது. ஆகவே வீட்டில் உங்கள் போனில் குடும்பப் படம் போலத் தெரிவது மூத்த மகனின் போனில் வேறு மாதிரித் தெரியலாம்.

வழக்குப் போட முடியாதா என்று சிலர் கேட்பார்கள். இந்தியாவில் ஒரு ஆசிரியை போட்டார். 'ஃபேன்' (2016) படத்தின் விளம்பரத்தில் வந்த பாட்டைப் பிள்ளைகள் விரும்பியதால் கூட்டிப் போயிருக்கிறார், படத்தில் அந்தப் பாட்டே இல்லை. நுகர்வோர் ஆணையம் அவருக்கு 10,000 ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஆனால் 2024 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை இரத்துச் செய்தது. விளம்பர ட்ரெய்லர் பார்வையாளருக்குக் கொடுக்கும் வாக்குறுதி ஆகாது, அதில் ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்காவில் 'யெஸ்டர்டே' (2019) படத்தின் ட்ரெய்லரில் காட்டிய நடிகை படத்தில் இல்லை என்று வழக்கு வந்தபோது, 2022 இல் ஒரு நீதிபதி ட்ரெய்லரும் விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்றார். ஆனால் ஒரு நடிகையோ காட்சியோ படத்தில் இருக்கிறதா இல்லையா என்பதோடு அந்தத் தீர்ப்பை நிறுத்திக்கொண்டார். நீங்கள் பார்த்த ட்ரெய்லரில் எல்லாக் காட்சியும் படத்தில் இருந்ததுதானே. அந்த வழியிலும் இடமில்லை.

ஆகவே கண்டுபிடிப்பது நம் வேலையாகிறது. நான் எந்த ட்ரெய்லரையும் இரண்டாம் தரம் பார்க்கும்போது சத்தத்தை நிறுத்திவிடுவேன். இசை போனதும் ஷொட்டுகள் தனியாக நிற்கும். அப்போது முதலில் பார்ப்பது உடுப்பை. சிரிப்பு ஷொட்டுகள் எல்லாவற்றிலும் கதாநாயகன் ஒரே நீலச் சேட்டோடு, ஒரே கல்யாண வீட்டில் நிற்கிறானா? அப்படியென்றால் படத்தில் இருக்கும் கொமடி அந்த ஒரு சீன்தான், அதையே பத்தாக நறுக்கிப் போட்டிருக்கிறார்கள். உண்மையான கொமடிப் படத்தின் ட்ரெய்லரில் சிரிப்பு வெவ்வேறு நாள், வெவ்வேறு இடம், வெவ்வேறு உடுப்பில் பரவியிருக்கும்.

அடுத்து சத்தத்தைப் போட்டு உதட்டைப் பார்ப்பேன். பகிடியின் கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில், பேசுகிறவரின் வாய் அசைவதோடு வருகிறதா? அல்லது குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது, சிரிப்பு மூன்றாவது இடத்திலிருந்தா? முழுதாக இரண்டு வரிகூட ஒரே ஷொட்டில் ஓடவில்லையென்றால் அந்தப் பகிடி எடிட்டிங் மேசையில் பிறந்தது. எங்கள் தம்பியின் முகத்தில் தாயின் வரியை ஒட்டினேனே, அதே கைவேலை. ஓரிரு இடத்தில் இது எல்லா ட்ரெய்லரிலும் இருக்கும். முழுக்க அப்படியே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட உதவுவது தணிக்கைச் சான்றிதழ். ட்ரெய்லர் ஒன்றரை நிமிடத்தைப் பற்றித்தான் பேசும், சான்றிதழ் முழுப் படத்தையும் பார்த்துக் கொடுத்தது. இந்தியாவில் 2024 முதல் யூ/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ட்ரெய்லர் முழுக்கச் சிரிப்பு, சான்றிதழ் யூ/ஏ 16+ என்றால், ஏன் 16 என்று கேளுங்கள். அதற்கான காரணம் இடைவேளைக்குப் பிறகு இருக்கக்கூடும். படம் வெளியாகும் வாரத்தில் இது போஸ்டரின் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், பெரிதாக்கிப் பாருங்கள்.

முதல் பாதியை மட்டும் நேர்மையாக வெட்டிய ட்ரெய்லர் இருக்கிறதே, உடுப்பும் உதடும் பார்க்கும் சோதனை அங்கே உதவாது. சிரிப்பு பரவலாகத்தான் இருக்கும், வரிகளும் முழுதாக ஓடும். அங்கே சான்றிதழும், முதல் காட்சி பார்த்தவர்களும்தான் துணை. தமிழ்நாட்டில் வெளியாகும் அன்றே பெரிய படங்கள் இங்கேயும் வருகின்றன. வெள்ளி மத்தியானத்துக்குள் வட்ஸ்அப்பில் ஆட்கள் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "படம் எப்படி?" என்று கேட்டால் நல்லம், கூடாது என்றுதான் பதில் வரும். "இடைவேளைக்குப் பிறகு சின்னப் பிள்ளைகள் இருந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கதையைச் சொல்லாமலே அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அக்கரைப்பற்றிலிருந்து பிள்ளைகளோடு பஸ் ஏறுவதென்றால் வெள்ளிக்குப் பதிலாக ஞாயிறு போனால் போதும்.